தொலைபேசி எண்ணும் லொக்கேஷனும் வாங்கும் சின்ன செயலிக்குத் தனியுரிமை அறிவிப்பு எழுதுவது எப்படி?

*"பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் மளிகைக் கடைக்கு ஒரு சின்ன செயலி செய்திருக்கிறோம். சுற்றியுள்ள தோட்டங்களுக்குச் சாமானும் சமையல் கேஸும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஃபயர்பேஸ் வழியாக ஓடிபி அனுப்பக் கைப்பேசி எண், வீடு கண்டுபிடிக்க லொக்கேஷன், இந்த இரண்டுதான் வாங்குகிறோம். எங்கேயோ கிடைத்த ஆங்கில பிரைவசி பாலிசியை ஒட்டிவிட்டோம். அது எங்களுக்கே புரியவில்லை. லயன் வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் புரிகிற மாதிரி எப்படி எழுதுவது? தமிழில் மட்டும் போட்டால் போதுமா?"*

தமிழில் மட்டும் போட்டால் போதாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709, இந்த அறிவிப்பு தேசிய மொழியான மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 7ஆவது பிரிவில் சொல்கிறது. தமிழ் அதற்கு மேல் நீங்களாகச் சேர்ப்பது. ஆனாலும் முதலில் தமிழில் எழுதி, அதிலிருந்து மற்ற இரண்டையும் எழுதுங்கள் என்பேன். ஆங்கில மாதிரியிலிருந்து தொடங்கினால் "மூன்றாம் தரப்பினர்", "நியாயமான நடவடிக்கைகள்" என்று வந்து விழும். யார் அந்த மூன்றாம் தரப்பு என்று பாட்டி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. தமிழில் தொடங்கினால் "சாமான் கொண்டுவரும் பையன்" என்று எழுதத்தான் கை வரும்.

ஒட்டி வைத்த பாலிசியில் பெரிய தவறு மொழியில் இல்லை. அது வேறு யாருடைய செயலியையோ பற்றிப் பேசுகிறது. உங்கள் செயலி செய்யாததை எல்லாம் செய்வதாகவும், செய்வதைச் செய்யவில்லை என்றும் அது சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் எழுத உட்காரும் முன், ஒரே ஓர் ஆர்டரை எடுத்து, அதோடு வரும் எண்ணும் லொக்கேஷனும் எங்கெங்கே போய்த் தங்குகின்றன என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஒரு லயன் வீட்டிலிருந்து ஓர் அம்மா 10 கிலோ அரிசியும் ஒரு கேஸும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று கேள்வி: எங்கே தங்கியது, யார் கண்ணில் படும், எப்போது அழியும். இந்தத் தாளில் இருப்பதுதான் உங்கள் அறிவிப்பு.

முதலில் எண். அந்த அம்மா எண்ணைத் தட்டியதும் அது உங்களிடம் வருவதற்கு முன்பே கூகுளிடம் போகிறது. கூகுளுக்குச் சொந்தமான ஃபயர்பேஸின் அடையாளச் சரிபார்ப்புச் சேவை அமெரிக்காவில் இருக்கும் சர்வர்களில்தான் ஓடுகிறது. உங்கள் டேட்டாபேஸைச் சிங்கப்பூரில், `asia-southeast1` பகுதியில் வைத்திருந்தாலும் இது மாறாது. அதோடு, இப்படிக் கொடுக்கப்படும் எண்களைத் தன் சேவைகளில் ஸ்பேமும் மோசடியும் தடுக்கக் கூகுள் சேமித்து வைக்கும் என்றும், அதற்குப் பயனரின் சம்மதத்தை நீங்கள் வாங்க வேண்டும் என்றும் ஃபயர்பேஸின் சொந்த ஆவணமே சொல்கிறது. ஆகவே "உங்கள் எண்ணை யாருக்கும் கொடுக்க மாட்டோம்" என்ற வரி, எவ்வளவு நல்ல மனதோடு எழுதினாலும், முதல் நிமிடத்திலேயே பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

> "நீங்கள் உள்ளே நுழைய உங்கள் கைப்பேசி எண் வேண்டும். எண் தராமல் செயலியில் ஆர்டர் செய்ய முடியாது. கடைக்கு நேரில் வந்தோ போன் செய்தோ வாங்கலாம். ஆறு இலக்கக் குறியீட்டை உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவது கூகுள் நிறுவனம். அதற்காக உங்கள் எண் அமெரிக்காவில் உள்ள அவர்களது சர்வருக்குப் போகும். மோசடி தடுக்க அவர்களும் அதை வைத்திருப்பார்கள். விளம்பரம் அனுப்ப உங்கள் எண்ணை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை."

இந்த ஐந்தாறு வரியில் சட்டம் கேட்கும் பல விஷயங்கள் அடங்கிவிட்டன. என்ன தகவல், எதற்காக, யாரிடம் போகிறது, கொடுப்பது கட்டாயமா விருப்பமா, கட்டாயமென்றால் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எல்லாம் 7ஆவது பிரிவு கேட்கிறது. கடைசி இரண்டையும்தான் சிறு செயலிகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. உங்கள் விஷயத்தில் எண் கட்டாயம், லொக்கேஷன் விருப்பம். இரண்டையும் ஒரே "சம்மதம்" பொத்தானில் கட்டிவிடாதீர்கள்.

எண்ணில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அறிவிப்பை எழுதும்போது யாருக்கும் தோன்றாது. நடந்த பிறகுதான் தெரியும். பிரிபெய்டு எண்ணுக்கு டாப்அப் செய்யாமல் விட்டால் அது காலாவதியாகி, சில காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். தோட்டத்தை விட்டு ஷா ஆலம் பக்கம் வேலைக்குப் போனவர் புது சிம் வாங்கிவிட்டார்; பழைய எண் இப்போது ஜொகூரில் யாரோ ஒருவர் கையில். அவர் உங்கள் செயலியை இறக்கி அந்த எண்ணைப் போட்டால் ஓடிபி அவருக்குத்தான் வரும். உள்ளே நுழைந்ததும் பழைய ஆளின் பெயர், சேமித்த வீட்டின் இடம், என்றைக்கு என்ன வாங்கினார் என்பதெல்லாம் திரையில் விரியும். யாரும் எதையும் உடைத்து உள்ளே வரவில்லை. எண்தான் ஆள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதால் வந்த வினை.

இதற்கு இரண்டு காரியம் செய்யுங்கள். ஆறு மாதம் ஆர்டர் எதுவும் இல்லாத கணக்கில் சேமித்த வீட்டு இடத்தையும் பெயரையும் அழித்துவிடுங்கள். ஆறு மாதம் என்பது என் கணிப்பு. பள்ளி விடுமுறையில் மட்டும் ஊருக்கு வந்து ஆர்டர் செய்பவர்கள் உங்களிடம் அதிகமென்றால் கொஞ்சம் கூட்டலாம், ஓராண்டைத் தாண்ட வேண்டாம். இரண்டாவது, புதிய கைப்பேசியில் ஒருவர் நுழையும்போது பழைய ஆர்டர்களை உடனே காட்டாமல், "இந்தக் கணக்கில் முன்பு பதிந்த பெயர் என்ன?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அது காலிக் கணக்காகத் திறக்கட்டும். இந்த இரண்டும் செயலியில் இருந்தால் அறிவிப்பில் ஒரு வரி போதும்: "ஆறு மாதம் ஆர்டர் இல்லையென்றால் உங்கள் பெயரையும் கணக்கில் நீங்கள் சேமித்து வைத்த வீட்டு இடத்தையும் அழித்துவிடுவோம். எண்ணை மாற்றினால் எங்களுக்குச் சொல்லுங்கள்."

அடுத்தது லொக்கேஷன். இதில்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். தோட்டத்தில் வீட்டு எண் என்று ஒன்று ஒழுங்காக இல்லாததால்தான் லொக்கேஷனே தேவைப்படுகிறது. ஒரே மாதிரி பத்து வீடு ஒட்டி நிற்கும் லயனில், "கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது வரிசை" என்றால் உள்ளூர்க்காரருக்குப் புரியும். புதிதாகச் சேர்ந்த பையனுக்குப் புரியாது. ஆகவே தேவை உண்மையானது. ஆனால் தேவைப்படுவது ஓர் ஆர்டருக்கு ஒரு புள்ளி. நாள் முழுக்க அந்த அம்மா எங்கே போகிறார் என்பது உங்களுக்கு வேண்டாம்.

செயலி அந்த அளவோடு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் மெனிஃபெஸ்ட் ஃபைலைத் திறந்தால் தெரிந்துவிடும்.

```
<uses-permission android:name="android.permission.ACCESS_COARSE_LOCATION" />
<uses-permission android:name="android.permission.ACCESS_FINE_LOCATION" />
<uses-permission android:name="android.permission.ACCESS_BACKGROUND_LOCATION" />
```

முதல் வரி ஏறத்தாழ இடம். சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கிறார் என்று சொல்லும். எந்தத் தோட்டம் என்று ஊகிக்கலாம், எந்த வீடு என்று தெரியாது. இரண்டாவது துல்லியமான இடம். பெரும்பாலும் 50 மீட்டருக்குள், சில வேளை ஐந்தாறு மீட்டருக்குள். மூன்றாவது, செயலியை மூடி வைத்திருக்கும்போதும் இடம் எடுக்கும் உரிமை. உங்கள் வாடிக்கையாளர் செயலியில் மூன்றாவது வரி இருக்கவே கூடாது. நீங்கள் எழுதாமலே, சேர்த்துக்கொண்ட ஏதோ ஒரு மேப் லைப்ரரி அதை உள்ளே கொண்டுவந்திருக்கலாம். அதனால் நீங்கள் எழுதிய ஃபைலோடு நிறுத்தாமல், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் `Merged Manifest` என்ற தாவலையும் திறந்து பாருங்கள்.

சாமான் கொண்டுபோகும் பையனின் செயலிக்கு மூன்றாவது வரி தேவைப்படலாம். அவர் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டுமே. அப்படியென்றால் அது தனிச் செயலியாக, தனி அறிவிப்போடு இருக்கட்டும். பையனுடைய இடமும் தனிநபர் தகவல்தான். வேலை நேரத்தில் மட்டும் எடுக்கிறோம், கடைசி டெலிவரி முடிந்ததும் தானாக நின்றுவிடும் என்று அவருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். பின்னணியில் இடம் எடுக்கும் செயலிக்கு, சிஸ்டம் அனுமதி கேட்கும் முன்பே செயலிக்குள் தெளிவான அறிவிப்பு வர வேண்டும் என்று கூகுள் பிளே கட்டாயம் வைத்திருக்கிறது. பாலிசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம் என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள்.

வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்கும் இடத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செயலி திறந்தவுடனே லொக்கேஷன் அனுமதி கேட்டால், ஏன் கேட்கிறது என்று தெரியாமல் மறுத்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மறுத்தால் அந்தக் கேள்வி மறுபடி வரவே வராது. செட்டிங்ஸுக்குள் போய்த்தான் திறக்க வேண்டும். பாட்டி அங்கே போகப் போவதில்லை. அதனால் ஆர்டர் முடியும் கட்டத்தில், "என் வீட்டு இடத்தைக் காட்டு" என்ற பொத்தானை அவர் தட்டிய பிறகு, முதலில் உங்கள் வரிகள் வரட்டும், பிறகு சிஸ்டத்தின் கேள்வி வரட்டும்:

> "சாமான் கொண்டுவரும் பையன் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க, நீங்கள் இப்போது நிற்கும் இடத்தை ஒரு முறை மட்டும் எடுக்கிறோம். செயலியை மூடிவிட்டால் எடுக்க மாட்டோம். இது வேண்டாம் என்றால் பரவாயில்லை. லயன், வீடு, பக்கத்து அடையாளம் எழுதுங்கள். சாமான் அதே போல வரும்."

கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டுமென்றால், அனுமதி மறுத்தவருக்கு முகவரி எழுதும் பெட்டி திறக்க வேண்டும். இதை நீங்களே ஒரு கைப்பேசியில் "Don't allow" அழுத்திப் பாருங்கள். பல செயலிகள் இந்த இடத்தில் வெள்ளைத் திரையாக நின்றுவிடுகின்றன. அப்படி நின்றால், விருப்பம் என்று நீங்கள் எழுதியது நடப்பில் கட்டாயம்தான்.

இப்போது அந்தப் புள்ளி சர்வருக்கு வந்துவிட்டது. எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? "தேவைப்படும் வரை" என்று எழுதாதீர்கள். அந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை. சட்டமும் தேவைக்கு மேல் வைக்காதே, அழித்துவிடு என்றுதான் சொல்கிறது. எத்தனை நாள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சாமான் குறைந்தது, ஆள் மாறிப் போனது என்ற புகார்கள் எத்தனை நாளைக்குள் வந்து முடிகின்றன என்று கடை நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 30 நாள் வைத்தால் மாதக் கணக்கில் வாங்கும் வீடுகளுக்கும் போதும்.

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை. விற்பனைக் கணக்கை வருமான வரிக்காக 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆர்டர் விவரமும் லொக்கேஷனும் ஒரே டாகுமெண்டில் இருந்தால், 30 நாளில் அழித்தால் கணக்கு போய்விடும். 7 ஆண்டு வைத்தால் 7 ஆண்டுக்கும் அந்த வீட்டின் இடம் உங்களிடம் இருக்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது, யாரும் அப்படி முடிவெடுக்காமலே. ஆகவே சேமிக்கும்போதே பிரித்துவிடுங்கள். `orders` என்ற கலெக்‌ஷனில் தேதி, சாமான், தொகை, ரசீது எண். `dropPoints` என்ற தனிக் கலெக்‌ஷனில் இடம் மட்டும், அதோடு `expireAt` என்று அழிய வேண்டிய தேதி. பிறகு ஃபயர்ஸ்டோரிடம் அந்தத் தேதியைக் கவனித்துக்கொள்ளச் சொல்லலாம்:

```
gcloud firestore fields ttls update expireAt \
  --collection-group=dropPoints --enable-ttl
```

தேதி வந்த நொடியே அழியாது. பொதுவாக 24 மணி நேரத்துக்குள் அழியும். அந்த டாகுமெண்டுக்குக் கீழே துணைக் கலெக்‌ஷன் ஏதாவது வைத்திருந்தால் அது அழியாமல் தங்கிவிடும், அதனால் அங்கே எதையும் வைக்காதீர்கள். இதோடு காப்பு நகலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தினமும் ஒரு நகல் எடுத்து 7 நாள் வைக்கிறீர்கள் என்றால், 30 நாளும், அழிய ஒரு நாளும், கடைசி நகல் போக 7 நாளும் சேர்ந்து 38 நாள். ஆகவே அறிவிப்பில் "ஆர்டருக்காக எடுத்த இடத்தை 30 நாளில் அழித்துவிடுவோம், காப்பு நகல்களிலிருந்தும் 40 நாளுக்குள் போய்விடும்" என்று எழுதினால் அது தாங்கும். வெறுமனே 30 நாள் என்று எழுதினால் 35ஆவது நாளில் நகலைத் திறந்து பார்ப்பவர் உங்களைப் பொய்யர் என்பார்.

உங்களிடம் சொந்தச் சின்ன சர்வர் ஏதாவது ஓடுகிறதென்றால் இன்னோர் இடத்தையும் பாருங்கள். பக்கத்தில் டெலிவரி இருக்கிறதா என்று கேட்கும் அழைப்பு இப்படி இருக்கலாம்:

```
GET /nearby?phone=01XXXXXXXX&lat=3.3800&lng=101.4100
```

டேட்டாபேஸில் எதையுமே எழுதாத அழைப்புதான் இது. ஆனால் என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் இந்த வரியை அப்படியே `access.log` ஃபைலில் எழுதி வைக்கும். எண்ணும் இடமும் நேரமும் ஒரே வரியில், பூட்டில்லாத சாதாரண ஃபைலாக! உபுண்டுவில் வழக்கமான அமைப்பில் இந்த ஃபைல்கள் 14 நாள் தங்கும். தாளில் வரைந்த படத்தில் இந்த நிறுத்தத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இந்த அழைப்பை `POST` ஆக மாற்றி, விவரங்களை உடலுக்குள் அனுப்புங்கள். எண்ணை அனுப்பவே தேவையில்லை, உள்ளே நுழைந்தவரின் டோக்கன் போதும்.

எந்தத் தோட்டத்திலிருந்து அதிக ஆர்டர் வருகிறது என்று பார்க்க இடத்தை நீண்ட நாள் வைக்க ஆசைப்படுவீர்கள். அதற்குத் துல்லியம் வேண்டாம். நான்கு தசம இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர். லயனில் எந்த வீடு என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். மூன்று இலக்கம் சுமார் 110 மீட்டர். எந்த லயன் வரிசை என்று தெரியும், நான்கைந்து குடும்பம் மட்டும் இருக்கும் வரிசையில் அதுவே அதிகம். இரண்டு இலக்கம் சுமார் 1.1 கிலோமீட்டர். தோட்டம் தெரியும், வீடு தெரியாது. உங்கள் கேள்விக்கு அது போதும். எண்ணோடு சேர்க்காமல், இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கி, தனியாக எண்ணிக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் செயலிக்குள். அதிகக் கவலை தருவது வெளியே இருக்கிறது: சாமான் கொண்டுபோகும் பையனின் சொந்தக் கைப்பேசி. வழி தெரியாமல் அவர் வாடிக்கையாளருக்குப் போன் செய்கிறார், எண் அழைப்புப் பட்டியலில் தங்குகிறது. வாட்ஸ்அப்பில் "அக்கா, லொக்கேஷன் அனுப்புங்க" என்கிறார், அவர் அனுப்பிய இடம் அந்த உரையாடலில் அப்படியே கிடக்கிறது. உங்கள் செயலியிலிருந்து வேஸ் செயலியில் வழி திறந்தால், போன இடங்களின் பட்டியலில் அதுவும் சேர்கிறது. நீங்கள் டேட்டாபேஸில் 30 நாளில் அழித்தாலும், தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் எண்ணும் வீடும் ஒரு பையனின் கைப்பேசியில் ஆண்டுக் கணக்கில் இருக்கும், அவர் வேலையை விட்டுப் போன பிறகும். ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் இது இன்னும் கனமான விஷயம். நடு இரவில் தெரியாத எண்ணிலிருந்து "சாப்டீங்களா" என்று மெசேஜ் வந்தால், அந்தப் பெண் குறை சொல்லப் போவது உங்கள் கடையைத்தான்.

எண்ணை மறைத்து அழைப்பை இணைத்துவிடும் சேவைகள் உண்டு, ஆனால் நிமிடத்துக்குக் காசு. இரண்டு பையன்கள் ஓட்டும் கடைக்குக் கட்டுப்படியாகாது. அதைவிடச் சுலபமான வழி, கடைக்குச் சொந்தமான இரண்டு சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசிகள். காலையில் எடுத்து, மாலையில் கல்லாவில் திருப்பி வைக்கட்டும். வாட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்தி வசதியை 7 நாளுக்கு வையுங்கள். அழைப்புப் பட்டியலையும் வழித்தேடல் பட்டியலையும் வாரம் ஒரு முறை யாராவது ஒருவர் அழிப்பது வேலையாக இருக்கட்டும். அப்புறம் இப்படி எழுதலாம்:

> "உங்கள் எண்ணையும் வீட்டு இடத்தையும் அன்று உங்களுக்குச் சாமான் கொண்டுவருபவர் பார்ப்பார். அவர் கடைக் கைப்பேசியைத்தான் பயன்படுத்துவார், சொந்தக் கைப்பேசியை அல்ல. வேலை சம்பந்தமில்லாமல் யாராவது உங்களை அழைத்தால் உடனே கடைக்குச் சொல்லுங்கள்."

கைப்பேசி வாங்க முடியாத நிலையென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்: "அவர் சொந்தக் கைப்பேசியிலிருந்து அழைப்பார், அதில் உங்கள் எண் பதிவாகும்." படிப்பவர் வேண்டாம் என்று முடிவு செய்தாலும், அது அவர் தெரிந்து எடுத்த முடிவு.

மீதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்மதம் வாங்கியதற்குப் பதிவு வேண்டும். 2013ஆம் ஆண்டின் விதிமுறைகள் அதைக் கேட்கின்றன. யார், எந்தத் தேதியில், அறிவிப்பின் எந்தப் பதிப்புக்குச் சரி சொன்னார் என்று ஒரு வரி சேமித்தால் போதும். பெட்டியில் டிக் முன்கூட்டியே விழுந்திருக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அம்மாவின் எண்ணில் ஆர்டர் செய்வது வழக்கம் என்பதால், "18 வயது ஆகாதவர்கள் வீட்டுப் பெரியவரின் கணக்கில் ஆர்டர் செய்யுங்கள்" என்று ஒரு வரி.

தன் தகவலைக் காட்டச் சொல்லி ஒருவர் எழுதிக் கேட்டால் 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நகலுக்கு 10 ரிங்கிட் வரை வாங்கச் சட்டம் இடம் தருகிறது. வாங்காதீர்கள்; உங்களிடம் இருப்பது ஓர் எண்ணும் சில ரசீதும்தான், ஐந்து நிமிட வேலை. தொடர்புக்கு மின்னஞ்சல் மட்டும் கொடுத்தால் தோட்டத்தில் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். கடை போன் நம்பரையும் "கல்லாவில் நேரில் கேட்கலாம்" என்பதையும் சேருங்கள்.

தகவல் கசிந்தால் என்ன செய்வீர்கள் என்பதும் ஒரு பத்தி. 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு வரக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கும், அதன் பிறகு 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். எண்ணும் வீட்டு இடமும் ஒன்றாகப் போவதைச் சின்னக் கசிவு என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்தின் அடிப்படை விதிகளை மீறினால் அபராதம் இப்போது 10 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 3 ஆண்டு வரை. பாட்டி படிக்கும் பக்கத்தில் இந்த எண்களை எழுத வேண்டாம். "உங்கள் தகவல் கசிந்தால் ஒரு வாரத்துக்குள் உங்கள் எண்ணுக்கே மெசேஜ் அனுப்புவோம்" என்பது போதும்.

கூகுள் பிளேயில் போடும்போது, அறிவிப்பு யாரும் திறக்கக்கூடிய ஓர் இணையப் பக்கமாக இருக்க வேண்டும். பிடிஎஃப் ஏற்க மாட்டார்கள். அதே இணைப்பு செயலிக்குள்ளும் இருக்க வேண்டும். `Data safety` படிவத்தில் கைப்பேசி எண்ணும் துல்லியமான இடமும் சேகரிக்கப்படுகின்றன என்று குறித்திருக்கிறீர்களா பாருங்கள். அங்கே ஒன்றும் பக்கத்தில் ஒன்றும் இருப்பதால் செயலிகள் திருப்பி அனுப்பப்படுகின்றன. கணக்கை அழிக்கும் வழி செயலிக்குள்ளும், செயலியை நீக்கிவிட்டவருக்காக ஓர் இணையப் பக்கத்திலும் இருக்க வேண்டும். கணக்கை நீங்கள் அழித்த பிறகும், ஃபயர்பேஸ் தன் காப்பு நகல்களிலிருந்து அதை முழுதாக நீக்க 180 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் நீளம். தமிழ்ப் பக்கத்தின் மேலே ஒரு சிறிய ஒலிப்பதிவுப் பொத்தான் வைத்தால், எழுத்து வாசிக்க முடியாத முதியவர்களும் கேட்டுக்கொள்வார்கள். கடையில் இருக்கும் ஒருவர் குரலிலேயே பதிவு செய்யலாம்.

பிறகு சோதனை. இதுவரை செயலியில் பதியாத ஓர் எண்ணில் கணக்கு திறந்து, லொக்கேஷன் கொடுத்து, ஓர் ஆர்டர் போட்டு, மறுநாள் "கணக்கை அழி" பொத்தானை அழுத்துங்கள். 41ஆவது நாள் அந்த எண்ணையும் கொடுத்த லொக்கேஷனையும் ஐந்து இடத்தில் தேடுங்கள்: ஃபயர்பேஸ் பயனர் பட்டியல், `dropPoints`, காப்பு நகல், சர்வர் லாக், கடைக் கைப்பேசியின் வாட்ஸ்அப். ஏதாவது ஒன்றில் கிடைத்தால், அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் அறிவிப்பின் வரியை மாற்றி, மேலே இருக்கும் தேதியையும் மாற்றி, எல்லோருக்கும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.